மெட்ரோ வாட்டர் பில்: வரி, மீட்டர் கட்டணம், 'சராசரி' போட்ட பில்லை எதிர்ப்பது எப்படி

எங்கள் குடியிருப்பில் குடிநீர்க் கணக்கைச் சில வருடங்களாக நான்தான் பார்க்கிறேன். அக்கம்பக்கத்திலிருந்து நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் வாரியத்தின், பில் பற்றியது. கட்டண விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால் கீழே கணக்குப் போடும் இடங்களில் எளிதான ஒரு விலையை வைத்துக்கொண்டேன். உங்கள் கணக்குக்கு உங்கள் பில்லில் உள்ள விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரின்னு ஒண்ணு, கட்டணம்னு ஒண்ணு. ஒரே தண்ணிக்கு ரெண்டு தடவை வாங்குறாங்களா?

இல்லை, இரண்டும் வேறு. குடிநீர் மற்றும் கழிவுநீர் வரி உங்கள் கட்டடத்தின் மேல் போடுவது. சொத்துவரிக்காக மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பை எடுத்து, அதில் 7 சதவீதம் என்ற அடிப்படையில் வாரியம் இந்த வரியைக் கணக்கிடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நீங்கள் எவ்வளவு தண்ணீர் பிடித்தீர்கள் என்பதற்கும் இந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

கட்டணம் என்பது இணைப்புக்கும் தண்ணீருக்கும் உரியது. மீட்டர் இல்லாவிட்டால் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. மீட்டர் இருந்தால் ஓடிய அளவுக்குத் தகுந்த தொகை. நோட்டீஸைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கூடியிருப்பது வரியா, கட்டணமா? வரி கூடியிருந்தால் காரணம் ஆண்டு மதிப்பில் இருக்கும். அதைத் திருத்த மாநகராட்சி வருவாய்த் துறைக்குப் போக வேண்டும். கட்டணம் கூடியிருந்தால் வாரியத்தின் பகுதி அலுவலகம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கவுண்டரில் அரை நாள் நின்றவர்கள் நிறையப் பேர்.

மேல நீளமா ஒரு நம்பர் இருக்கே, அது எதுக்கு?

அதுதான் உங்கள் நுகர்வோர் எண். பகுதி, கோட்டம், பில் எண் என்று துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். பணம் கட்டுவது, புகார் கொடுப்பது, பழைய பாக்கியைப் பார்ப்பது எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான். பெயர் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தாலும் எண் சரியாக இருந்தால் கணக்கு உங்கள் வீட்டுடையதுதான். ஒரே கட்டடத்தில் இரண்டு எண்கள் இருப்பதும் உண்டு. பக்கத்து போர்ஷன்காரருடைய எண்ணில் பணம் கட்டிவிட்டு "கட்டியும் பாக்கி காட்டுதே" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரசீதில் உள்ள எண்ணையும் நோட்டீஸில் உள்ள எண்ணையும் ஒரு முறை ஒத்துப் பாருங்கள்.

எங்க வீட்ல மீட்டரே இல்லையே, எதை வெச்சு பில் போடுறாங்க?

சென்னையில் தனி வீடுகள் பலவற்றுக்கு மீட்டர் கிடையாது. அங்கெல்லாம் ஒரு குடியிருப்புக்கு மாதம் இவ்வளவு என்ற நிலையான கட்டணம்தான். நான்கு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் தொகை மாறாது.

மாறுவது எதனால் என்றால், குடியிருப்புகளின் எண்ணிக்கையால். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் இரண்டு குடியிருப்பு. அப்புறம் அதை இடித்து ஒரே வீடாக்கியிருந்தும் பழைய எண்ணிக்கையே கணக்கில் தொடர்ந்தால், எழுதிக் கொடுத்து நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். நிலையான கட்டணத்தில் தகராறு வருவது அநேகமாக இந்த ஓர் இடத்தில்தான்.

போர் தண்ணிதான் யூஸ் பண்றோம். மெட்ரோ தண்ணி ஒழுங்கா வர்றதே இல்ல. ஏன் கட்டணும்?

வரியைப் பொறுத்தவரை முதல் பதிலில் சொன்னதுதான். அது கட்டடத்தின் மேல் விழுவது, குழாயைப் பார்த்து விழுவதில்லை. கட்டணம் இணைப்பு உள்ளவர்களுக்கு. போர் தண்ணீரைப் பயன்படுத்தினாலும் கழிவுநீர் போய்ச் சேர்வது வாரியத்தின் பாதாளச் சாக்கடையில் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் தண்ணீர் வரவில்லை என்பது உண்மையான குறை. அதைத் தனிப் புகாராகவே பதிவு செய்யுங்கள், புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில்லைக் கட்டாமல் விடுவதால் தண்ணீர் வந்துவிடாது, பாக்கிதான் ஏறும். மீட்டர் உள்ளவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: தண்ணீரே வராத வாரங்களுக்கு ஏராளமாக ஓடியதாக பில் வந்தால், அந்தப் புகார் எண்கள் நல்ல சாட்சி.

மீட்டர் பில்லை எப்படிப் படிக்கிறது? 'கிலோ லிட்டர்'னா என்ன?

ஒரு கிலோ லிட்டர் என்பது 1000 லிட்டர். மீட்டர் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு எண்கள் கிலோ லிட்டரைக் காட்டும், பில்லுக்கு எடுப்பது அதைத்தான். சிவப்பில் இருப்பவை ஆயிரத்துக்கும் குறைவான லிட்டர். நடுவில் பல்சக்கரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். துளி நீர் ஓடினாலும் அது சுற்றும்.

பில்லில் இரண்டு அளவுகள் இருக்கும், முந்தைய அளவு, இப்போதைய அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் பயன்படுத்தியதாக வாரியம் சொல்லும் அளவு. வீடுகளுக்கு விலை படிப்படியாக ஏறும். முதல் சில கிலோ லிட்டர் மலிவு, அடுத்த படி கொஞ்சம் கூடுதல், மேல் படி விலை அதிகம். இந்தப் படி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி பில் தகராறில் பணம் போவதே இந்த இடத்தில்தான்.

பில்லுல 'சராசரி'ன்னு இருக்கு. இல்லாட்டியும் அது குத்துமதிப்பா போட்டதுன்னு எப்படித் தெரியும்?

மீட்டரைப் படிக்க முடியாதபோது பழைய பயன்பாட்டை வைத்து ஓர் அளவைப் போடுவார்கள். கேட் பூட்டியிருக்கலாம், மீட்டர் குழியில் தண்ணீர் நின்றிருக்கலாம், கண்ணாடிக்குள் ஆவி படிந்து எண் தெரியாமல் இருக்கலாம், மீட்டரே நின்றுபோயிருக்கலாம்.

சொல் எழுதியிருக்காவிட்டாலும் அடையாளம் தெரியும். முந்தைய அளவும் இப்போதைய அளவும் ஒரே எண்ணாக இருந்து தொகை மட்டும் வந்திருந்தால் அது சராசரி. தொடர்ந்து மூன்று நான்கு பில்களில் அச்சு அசலாக ஒரே கிலோ லிட்டர் வந்தாலும் அப்படித்தான், எந்த வீட்டிலும் மாதாமாதம் ஒரே அளவு தண்ணீர் ஓடாது. எல்லாவற்றையும் விட நிச்சயமான சோதனை, பில் வந்த அன்றைக்கே மீட்டரைப் பார்ப்பது. பில்லில் போட்டிருக்கும் 'இப்போதைய அளவை' விட மீட்டரில் உள்ள எண் குறைவாக இருந்தால், அந்த அளவை யாரும் மீட்டரிலிருந்து படிக்கவில்லை. மீட்டர் பின்னால் ஓடாது.

மூணு மாசம் வீட்டைப் பூட்டிட்டு பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தோம். வழக்கமான பில்லே வந்திருக்கு. குறைக்க முடியுமா?

முடியும், மேலே சொன்ன அடையாளம் இருந்தால். மேற்கு மாம்பலத்தில் மீட்டர் உள்ள ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக உண்மையில் படித்த அளவு 1240. வழக்கமான பயன்பாடு மாதம் 18 கிலோ லிட்டர். வீட்டுக்காரர்கள் கோயம்புத்தூர் போனதால் கேட் பூட்டு, நான்கு மாதத்துக்குச் சராசரி பில். கணக்கில் 4 × 18 = 72 சேர்ந்து அளவு 1312 ஆகிவிடும். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால் 1276. உண்மையில் ஓடியது 36 மட்டும். கூடுதலாகப் போட்டது 36 கிலோ லிட்டர்.

இங்கே "நாங்க ஊர்லயே இல்ல சார்" என்று சொல்வது பாதி வாதம்தான். 1276 என்ற எண்தான் முழு வாதம். எண்ணும் மீட்டரின் வரிசை எண்ணும் சேர்ந்து தெரியும்படி, தேதியோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியதும் "குறையுங்கள்" என்று பொதுவாக அல்ல. "1240-இலிருந்து 1276 வரை உண்மை அளவுப்படி மறுகணக்கிட்டு, கூடுதலாகப் போட்டதை அடுத்த பில்லில் கழிக்கவும்" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு முறை நேரில் வந்து மீட்டரைப் பார்ப்பது மட்டுமே.

எங்களுக்கு நேர்மாறு. ஆறு மாசம் கம்மியா வந்துச்சு, இப்ப திடீர்னு பெரிய பில். ஓடின தண்ணிதானே, கட்டித்தானே ஆகணும்?

ஓடிய தண்ணீருக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்த விலையில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கணக்குக்காக விலையை இப்படி வைத்துக்கொள்வோம்: மாதம் முதல் 10 கிலோ லிட்டருக்குத் தலா 5 ரூபாய், அடுத்த 5-க்குத் தலா 10, அடுத்த 10-க்குத் தலா 20, 25-க்கு மேல் தலா 40. ஒரு வீட்டில் உண்மையான பயன்பாடு மாதம் 18. அதற்கு 50 + 50 + 60, ஆக 160 ரூபாய். ஆனால் மீட்டரைப் படிக்காமல் ஆறு மாதம் 10, 10 என்று போட்டுவிட்டார்கள். மாதம் 50 வீதம் 300 ரூபாய் கட்டியாகிவிட்டது. உண்மையில் கட்ட வேண்டியது 6 × 160 = 960. பாக்கி 660 ரூபாய். இது நியாயமான பாக்கி.

ஏழாவது மாதம் மீட்டரைப் படிக்கிறார்கள். விடுபட்ட 48 கிலோ லிட்டரும் அந்த மாதத்து 18-உம் சேர்ந்து 66. இந்த 66-ஐ ஒரே மாதத்தில் ஓடியதாக வைத்துக் கணக்கிட்டால் 50 + 50 + 200, அதற்கு மேல் 41 கிலோ லிட்டருக்கு 1640, மொத்தம் 1940 ரூபாய். சரியாகப் பிரித்துப் போட்டால் பாக்கி 660-உம் நடப்பு மாதம் 160-உம் சேர்ந்து 820 ரூபாய்தான். வித்தியாசம் 1120 ரூபாய். ஒரு சொட்டுக்கூட அதிகமாகப் பிடிக்காமல், விடுபட்ட மாதங்களின் மலிவுப் படிகளை இழந்ததால் மட்டும் வந்தது இது. கழிவுநீர்க் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தின் மேல் ஒரு விகிதமாக ஏறும் இணைப்புகளில் அதுவும் இதோடு வீங்கும்.

அதனால் இப்படிப்பட்ட பில்லை எதிர்க்கும்போது அளவை மறுக்காதீர்கள். "66 கிலோ லிட்டர் சரி. ஆனால் இது ஒரே மாதத்தில் ஓடியது அல்ல, ஏற்கெனவே பில் போட்ட 60-ஐயும் சேர்த்தால் ஏழு மாதப் பயன்பாடு 126. அதை மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் படி விலையைப் போட்டு, ஏற்கெனவே கட்டியதைக் கழிக்கவும்" என்று கேளுங்கள். பெரிய பில் என்று வருகிறவர்களில் பலருக்கு மீட்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. கோளாறு இந்தக் கூட்டலில் இருக்கும்.

உண்மையிலேயே மீட்டர் தப்பா ஓடுதுன்னு சந்தேகம். அதை எப்படிக் காட்டுறது?

சம்ப் இருக்கும் வீட்டில் இதை நீங்களே சோதிக்கலாம். தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள், மாடித் தொட்டியில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு நீளமான குச்சியைச் சம்புக்குள் தரை தொடும்படி விட்டு, ஈரம் பட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மீட்டர் எண்ணைச் சிவப்பு இலக்கங்களோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றதும் அதே குச்சியை மறுபடி விட்டு இரண்டாவது கோடு.

சம்ப் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் தரைப் பரப்பு 3 சதுர மீட்டர். கோடுகளுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் என்றால் உள்ளே வந்தது 1.8 கிலோ லிட்டர். மீட்டரும் சுமார் 1.8 ஏறியிருந்தால் மீட்டர் சரி. 2.7 ஏறியிருந்தால் உங்கள் சந்தேகம் சரி. ஒரு நாள் சோதனை போதாது, மூன்று நாள் எடுத்து எழுதி வையுங்கள்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் தெருக்களில், தண்ணீருக்கு முன்னால் குழாயில் இருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். அது மீட்டரையும் சுற்றிவிடும். சம்பில் தண்ணீர் விழும் முன்பே குட்டிச் சக்கரம் வேகமாகச் சுற்றினால் அது காற்று, அந்தச் சில நிமிடங்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மிதவை வால்வு. அது பழுதாகிச் சம்ப் நிரம்பி நள்ளிரவில் வழிந்தால் மீட்டர் நியாயமாகவே ஓடியிருக்கிறது, பில்லைக் குறைக்கக் கேட்பதில் பயனில்லை. காலையில் சம்ப் மூடியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

எங்க போய்ச் சொல்லணும்? வாயால சொன்னா போதுமா?

வாயால் சொன்னது யார் கணக்கிலும் ஏறாது. உங்கள் வட்டாரத்தின் பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கும். அதிகாரிகளை நேரில் பார்க்க அது நல்ல நேரம். புகார் எண் வேண்டுமென்றால் 1916-க்கோ 044-45674567-க்கோ அழைக்கலாம். அங்கெல்லாம் தீராவிட்டால் சிந்தாதிரிப்பேட்டை பம்பிங் ஸ்டேஷன் சாலையில் உள்ள தலைமை அலுவலகம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நுகர்வோர் எண், மீட்டர் வரிசை எண், எந்த பில் என்பது, பில்லில் உள்ள அளவு, மீட்டரில் நீங்கள் பார்த்த அளவும் தேதியும், என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. நான் இப்படி எழுதுவேன்: "மேற்படி பில்லில் இப்போதைய அளவு 1312 என்று உள்ளது. இன்று மீட்டரில் உள்ள அளவு 1276. படம் இணைத்துள்ளேன். நேரில் அளவெடுத்து, 1240 முதல் 1276 வரை மாதவாரியாக மறுகணக்கிட்டுத் திருத்திய பில் தரக் கேட்டுக்கொள்கிறேன்." கோபத்தையும் பழைய குறைகளையும் இதில் சேர்க்காதீர்கள், படிக்கிறவருக்கு 1276 கண்ணில் படாமல் போய்விடும். கேட் சாவி யாரிடம் இருக்கும், எந்த நேரத்தில் வரலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். மறுபடி பூட்டியிருந்தால் மறுபடியும் சராசரிதான்.

எழுதிக் கொடுத்துட்டா, தீரும்வரை பணம் கட்டாம இருக்கலாமா?

நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். கட்டாமல் விட்ட தொகைக்குத் தாமதக் கட்டணம் ஏறும், பாக்கி நீண்டால் இணைப்புக்கே ஆபத்து. உங்கள் கணக்குப்படி நியாயமான தொகையை வாங்கிக்கொள்வார்களா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் அதைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கட்டிவிடுங்கள். முழுத் தொகையும்தான் வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திருத்தத்துக்கு உட்பட்டது" என்று கடிதத்தில் எழுதி, ரசீதின் நகலை இணைத்துக் கட்டுங்கள். வரிப் பகுதியில் உங்களுக்குத் தகராறு இல்லையென்றால் அதை நிறுத்தி வைக்கவே வேண்டாம்.

வீட்டு முன்னாடி சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை. முழு பில்லையும் வணிகத்துல போட்டுட்டாங்க. இதையும் இதே மாதிரி கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் இதில் தகராறு அளவில் இல்லை, வகையில். வீடு, பகுதி வணிகம், வணிகம் என்று வகை மாறும்போது விலையே மாறும். அதனால் மீட்டர் படம் இங்கே உதவாது. சொத்துவரி ரசீதில் கட்டடத்தின் பயன்பாடு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதும், கடை எத்தனை சதுர அடி, வீடு எத்தனை சதுர அடி என்பதும்தான் வேண்டும். சொத்துவரியிலேயே முழுதும் வணிகம் என்று இருந்தால் முதல் பதிலில் சொன்னபடி மாநகராட்சியில் திருத்திவிட்டு அப்புறம் பகுதி அலுவலகத்துக்கு வாருங்கள். கடையை மூடிவிட்டீர்கள் என்றால் மூடிய உடனே எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய் "போன வருஷமே மூடிட்டேன்" என்றால் அதை நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும்.

பழைய வீடு வாங்கினேன். முந்தின ஓனர் காலத்துச் சராசரி பில் பாக்கி என் தலையில விழுது. நான் எப்படி எதிர்க்கிறது?

பாக்கி அந்த எண்ணோடு, அந்த வீட்டோடு ஒட்டி வருகிறது என்பதால் "அது என்னுடையது இல்லை" என்ற வாதம் அலுவலகத்தில் எடுபடுவது கடினம். ஆனால் அந்தத் தொகையே சரியா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் கணக்கின் பழைய அளவுகளை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் கடைசியாக உண்மை அளவு எடுத்தார்கள் என்று பார்த்து, அங்கிருந்து இன்றைய மீட்டர் அளவு வரை ஆறு மாத உதாரணத்தில் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். நடுவில் மீட்டரை மாற்றியிருந்தால் பழைய மீட்டரின் கடைசி அளவும் புதியதன் தொடக்க அளவும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் கழித்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

திருத்தியபின் நிற்கும் பாக்கியை விற்றவரிடம் கேட்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். இன்னும் பத்திரம் முடியவில்லை என்றால் பாக்கி இல்லை என்று காட்டும் கடைசி ரசீதையும், பதிவு நாளன்று எடுத்த மீட்டர் படத்தையும் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.